விழும் வில்லை சொட்டுவதில்லை

நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர். அதிலிருந்து ஆரஞ்சுச் சாறு மகுடம்போல் எழும்பி நிற்கிறது. அதற்கு மேலே மூன்று நான்கு ஆரஞ்சு வில்லைகள் அந்தரத்தில் மிதக்கின்றன. ஒரு சாற்று நாடா அவற்றைச் சுற்றி வளைந்தோடுகிறது, எங்கும் துளிகள் சிதறிக் கிடக்கின்றன. பழச்சாறு விளம்பரம் என்றதும் மனதில் வரும் படம் இதுதான். இது பெரும்பாலும் ஒரே சொடுக்கில் எடுக்கப்படுவதில்லை. வில்லைகளை மெல்லிய கம்பியில் குத்தித் தனியாக எடுப்பார்கள். சாற்றை வீசி வீசி, நூறு படங்களில் நல்ல தெறிப்புகளைப் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகப் பொருத்துவார்கள். சில நேரம் துளி முதல் டம்ளர் வரை முழுப் படமும் கணினியிலேயே உருவாகும். இதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஒரே முறையில், ஒரே அளவு உழைப்பில் உருவான இரண்டு படங்களில் ஒன்று தாகத்தைக் கிளப்புகிறது, மற்றொன்று பிளாஸ்டிக் பொம்மைபோல் நிற்கிறது. காரணம் ஒளியமைப்போ நிறமோ மட்டுமல்ல. அந்தரத்தில் இருக்கும் ஒவ்வொரு துளியும், ஒவ்வொரு இழையும், ஒவ்வொரு வில்லையும் ஒரு கடிகாரம். தான் எப்போது கிளம்பியது, எவ்வளவு நேரமாகக் காற்றில் இருக்கிறது என்பதைத் தன் வடிவத்திலும் உயரத்திலும் அது எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டினால் படம் நம்பும்படி இருக்கும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஓடினால், எவ்வளவு அழகாக ஒட்டினாலும் படம் பொய்யாகத் தெரியும். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். வாய் 8 செ.மீ. அகலமுள்ள ஒரு டம்ளர். சாற்றின் மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், 6 செ.மீ. விட்டமுள்ள ஒரு ஆரஞ்சு வில்லையைப் பிடித்து விட்டுவிடுகிறோம். அது கால் நொடியில், ஏறத்தாழ நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் சாற்றைத் தொடும். தொட்ட கணத்தில் சாறு மேலே கிளம்புகிறது. அதன் விளிம்பு 10 செ.மீ. உயரம்வரை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும், உச்சியை அடைய 0.14 நொடி ஆகும். காற்றின் தடையையும் சாறு தன்னைத்தானே பின்னுக்கு இழுப்பதையும் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. தோராயத்துக்கு இது போதும். இப்போது இரண்டாவது வில்லை. அதே 30 செ.மீ. உயரத்திலிருந்து, முதல் வில்லை சாற்றைத் தொட்ட அதே கணத்தில் அதை விடுகிறோம். ஒரு பொருள் 10 செ.மீ. எழும்பி உச்சியில் நிற்க எடுக்கும் நேரமும், நின்ற நிலையிலிருந்து 10 செ.மீ. விழ எடுக்கும் நேரமும் ஒன்றுதான். ஆகவே சாற்று விளிம்பு உச்சிக்கு வந்து நிற்கும்போது இரண்டாவது வில்லை 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். முதல் வில்லை சாற்றுக்குள் மூழ்கியிருக்கும். இதுதான் நேரம் பொருந்திய படம். உள்ளே ஒரு வில்லை, அதனால் எழுந்த தெறிப்பு, அதன் மேல் 10 செ.மீ. இடைவெளியில் அடுத்த வில்லை.

பல விளம்பரங்களில் என்ன நடக்கிறது? மகுடம் எழுந்து நிற்கிறது, வில்லைகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன, சாற்றுக்குள் எதுவும் இல்லை. அப்படியானால் சாற்றை அடித்தது யார்? பார்ப்பவர் இந்தக் கேள்வியைச் சொல்லாகக் கேட்பதில்லை. ஆனால் காரணம் இல்லாத விளைவு கண்ணை உறுத்தும். மகுடத்தின் வடிவத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. நாம் அனைவரும் அறிந்த அந்த முத்துக் கோத்த மகுடத்தை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஹரால்ட் எட்ஜெர்ட்டன். 1957-இல் அவர் எடுத்த வண்ணப்படம் இன்றும் புகழ்பெற்றது. அது தட்டில் மெல்லிதாகப் பரவிய பாலின் மேல் ஒரு உருண்டைப் பால்துளி விழுந்து எழுப்பிய மகுடம். ஆழமான டம்ளரில் தட்டையான ஆரஞ்சு வில்லை விழுந்தால் அந்த மகுடம் எழாது. வில்லை தட்டையாக விழுந்தால் விளிம்பெங்கும் கலைந்த படலமாகச் சாறு பீறிடும். கத்திபோல் செங்குத்தாக இறங்கினால் இரு பக்கமும் இரண்டு படலங்கள் எழும், தெறிப்பும் குறைவாக இருக்கும். சற்றே சாய்ந்து விழுந்தால் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். விழுந்த பொருளின் கையெழுத்து தெறிப்பில் இருக்கிறது. பால்துளியின் கையெழுத்தை ஆரஞ்சு வில்லையின் பெயரில் போட முடியாது.

சீரான மகுடத்தின் மேல் மனிதக் கண்ணுக்கு இருக்கும் மோகம் புதிதல்ல. இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துளிகளின் தெறிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இருட்டறையில் துளியை விழவிட்டு, ஒரு மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் கண்ணில் பதிந்ததை உடனே கையால் வரைந்தார். அந்த ஓவியங்கள் பார்க்க அத்தனை ஒழுங்காக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன. 1890-களில் அதே தெறிப்புகளைப் புகைப்படமாக எடுத்தபோது ஒழுங்கு கலைந்துபோனது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை, இடையில் ஓட்டை. அளவெடுத்துப் பார்க்கப் பழகிய ஓர் அறிவியலாளரின் கண்ணே, தன்னை அறியாமல் கோணலை விலக்கிச் சீரானதை எடுத்துக்கொண்டிருந்தது. விளம்பரக் கலைஞரும் அதே வலையில்தான் விழுகிறார். தெறிப்பின் ஒரு பாதி நன்றாக வந்தால் அதைப் புரட்டி மறுபாதியாக ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய இன்றைய வாசகருக்கு, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் தெறிப்பு உடனே செயற்கையாகப் படும்.

இப்போது வில்லையை இன்னும் பக்கத்தில் பார்ப்போம். சாறு சொட்டும் வில்லை ஒன்று அந்தரத்தில் இருக்கிறது. அதன் அடிவிளிம்பில் ஒரு கொழுத்த துளி, விழப்போகும் தறுவாயில் தொங்குகிறது. பார்க்கச் சாறு நிறைந்த பழமாகத் தெரியும், எனவே கலைஞர்கள் அதை விரும்பி வைக்கிறார்கள். ஆனால் அந்தத் துளிதான் காட்டிக்கொடுக்கும் சாட்சி. துளி தொங்குவது ஏன்? பழத்தைக் கம்பி தாங்கிப் பிடித்திருக்கிறது, சாற்றை யாரும் தாங்கவில்லை. அதனால் புவியீர்ப்பு சாற்றை மட்டும் கீழே இழுக்கிறது. வில்லை உண்மையிலேயே விழுந்துகொண்டிருந்தால் வில்லையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் சாறும் ஒரே வேகத்தில் சேர்ந்தே விழும். வில்லையைப் பொறுத்தவரை சாற்றுக்கு எடையே இல்லை. அப்போது சாற்றை ஆள்வது பரப்பு இழுவிசை மட்டுமே, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைக் கூடியவரை சுருக்கிக்கொள்ளும் விசை. தொங்கிக்கொண்டிருந்த துளி சில பத்து மில்லி நொடிகளில் உள்ளிழுத்துக்கொண்டு, குலுங்கி, மொட்டுபோல் உருண்டுவிடும். கைவிட்ட பொருள் முதல் 5 செ.மீ. விழவே பத்தில் ஒரு நொடி ஆகிறது, அந்த மாற்றத்துக்கு அது போதுமான நேரம். ஆகவே விழும் வில்லையில் மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்ட மொட்டுகள் இருக்கும், சொட்டு இருக்காது. வில்லையை மேலே தூக்கி எறிந்திருந்தால் கையின் உதறலில் துளிகள் சிதறும். அவையும் வில்லையைச் சுற்றி எல்லாப் பக்கமும் பறக்குமே தவிர, அதன் கீழே வரிசைகட்டி நிற்காது. கம்பியில் தொங்கவிட்டுப் படமெடுப்பவர் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். அடிவிளிம்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கிளிசரின் கலந்த துளிகளை ஊசிக்குழலால் இரு பக்கமும் வைக்க வேண்டும். அவை வழியாமல் நிற்கும்.

அடுத்த கடிகாரம் இழை. தெறிப்பிலிருந்து நூல்போல் நீளும் சாறு ஏன் துளியாக அறுகிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஜோசப் பிளேட்டோவும் இங்கிலாந்தின் ரேலியும் விளக்கினார்கள். நீண்ட இழையைவிட உருண்டைத் துளிகளுக்கு மேற்பரப்பு குறைவு. எனவே இழையில் எங்கேனும் சிறிது இடுங்கினால் அந்த இடத்தைப் பரப்பு இழுவிசை மேலும் நெரித்து அறுத்துவிடும். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக அறும். 3 மி.மீ. தடிமனுள்ள நீர் இழை ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் துளிகளாகிவிடும். தடிமன் பத்து மடங்கு கூடினால் அறுவதற்கான நேரம் முப்பது மடங்குக்கு மேல் கூடும், அதற்குள் சாறு தரைக்கு வந்துவிடும். அதோடு, இழை அறுந்து பிறக்கும் துளியின் விட்டம் இழையின் தடிமனைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். இரண்டு பெரிய துளிகளுக்கு நடுவே கடுகுபோல் ஒரு குட்டித் துளியும் பிறக்கும். ஆகவே படத்தில் ஒரு இழையைப் பார்த்தால் அதன் நுனியில் எந்த அளவுத் துளி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். தடித்த இழைகளின் அருகே பனித்தூவல்போல் ஒரே அளவில் நுண்துளிகளை வாரித் தெளித்திருந்தால் அவை வேறு தெறிப்பிலிருந்து வந்தவை என்று பொருள். படலத்துக்கும் இப்படியொரு அடையாளம் உண்டு. அரை மி.மீ. தடிமனுள்ள சாற்றுப் படலத்தின் திறந்த ஓரம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். பின்வாங்கும்போது வழியிலுள்ள சாற்றை வாரிச் சுருட்டிக்கொள்ளும். அதனால் வேட்டிக்குக் கரைபோல, படலத்தின் ஓரமெங்கும் ஒரு தடித்த வரம்பு ஓடும். அந்த வரம்பிலிருந்துதான் விரல்களும் துளிகளும் கிளம்புகின்றன. கத்தரித்த காகிதம்போல் கூரிய ஓரத்தோடு ஒரு படலம் இருந்தால், அதை யாரோ கணினியில் வெட்டியிருக்கிறார்கள்.

விளம்பரங்களின் செல்லப்பிள்ளையான அந்த நாடாவுக்கு வருவோம். ஆரஞ்சைச் சுற்றி இரண்டு வளையம் போட்டுக்கொண்டு பளபளவென்று ஓடும் சாறு. காற்றில் இருக்கும் சாற்றைப் பக்கவாட்டில் வளைக்க எந்தக் கையும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தான் கிளம்பிய திசையில், புவியீர்ப்பு மட்டும் இழுக்கும் பரவளையத்தில்தான் போகும். பழத்தைச் சுற்றி 5 செ.மீ. ஆரத்தில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சாறு வளைய வேண்டுமானால் புவியீர்ப்பைப்போல் எட்டு மடங்கு விசை அதை மையத்தை நோக்கி இழுக்க வேண்டும். அப்படி எதுவும் அங்கே இல்லாததால், ஐம்பதில் ஒரு பங்கு நொடியிலேயே சாறு அந்த வளைவைவிட்டு ஒன்றரை செ.மீ. விலகிப் போய்விடும். அப்படியானால் சுருள் வடிவமே பொய்யா? இல்லை. தோட்டத்தில் சுழலும் நீர்த்தெளிப்பானைப் பார்த்தால் நீர் சுருளாகவே தெரியும். ஒவ்வொரு துளியும் நேராகத்தான் போகிறது, சுழல்வது குழாயின் வாய். அந்தச் சுருள் வெளிநோக்கி விரிந்துகொண்டே போகும், எதையும் இறுக்கிக் கட்டாது. ஆகவே விரியும் சுருள் நம்பத்தக்கது, பழத்தை இறுக்கும் சுருள் நம்பத்தக்கதல்ல. ஒரு விலக்கு உண்டு. டம்ளரிலிருந்து டவராவுக்கு மெதுவாகக் காப்பியை ஊற்றினால் அது டம்ளரின் வெளிச்சுவரை ஒட்டி வழிகிறதல்லவா, அதுபோல் சாறு பழத்தின் தோலைத் தொட்டுக்கொண்டு ஓடினால் தோலோடு சேர்ந்து வளையும். அப்போது அது மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும், இடைவெளிவிட்டு மிதக்கும் கயிறாக இருக்கக் கூடாது. கொள்ளளவையும் பார்க்க வேண்டும். 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், அரை மி.மீ. தடிமன் கொண்ட மகுடத்துக்கு 12 அல்லது 13 மி.லி. சாறு போதும், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் 3 செ.மீ. தடிமனில் 60 செ.மீ. நீளும் நாடாவுக்கு 400 மி.லி.க்கு மேல் வேண்டும். அது ஒரு 250 மி.லி. டம்ளரிலிருந்து வந்ததாகக் காட்டிவிட்டு, டம்ளரையும் விளிம்புவரை நிரம்பியதாகக் காட்டினால் கணக்கு உதைக்கிறது.

பார்ப்பவர்களில் எத்தனை பேர் இப்படிக் கணக்குப் போடப்போகிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். யாரும் போடமாட்டார்கள், போடத் தேவையும் இல்லை. திரவம் எப்படி நடந்துகொள்ளும் என்பது நாள்தோறும் அடுக்களையிலும் குழாயடியிலும் கண் படித்துக்கொண்ட பாடம். ஜப்பானின் கவாபே, நிஷிதா உள்ளிட்டோரும் ஜெர்மனியின் ரோலண்ட் ஃபிளெமிங்கும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. திரவத்தின் நிறம், பளபளப்பு எல்லாவற்றையும் அகற்றிவிட்டு அதன் அசைவை மட்டும் காட்டினாலும், அந்தத் திரவம் எவ்வளவு கெட்டி என்பதை மனிதர்கள் மதிப்பிட்டுவிடுகிறார்கள். அசைவின் வேகம் அவர்களுக்குத் துப்பு. காரணத்தைச் சொல்ல முடியாமலேயே பொய்யை உணர முடியும் என்பதால்தான், ‘ஏதோ சரியில்லை’ என்ற உணர்வோடு பார்வை நகர்ந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் இன்று கையில் இருக்கின்றன, சரியாக வரைவதை அவற்றிடமே விட்டுவிடலாமே என்பது. மென்பொருள் பெரும்பாலும் தனக்குக் கொடுத்ததை நேர்மையாகவே தீர்க்கிறது, தவறு கொடுக்கும் அளவில் நிகழ்கிறது. ஹூடினி போன்ற மென்பொருளில் ஒரு அலகு என்பது ஒரு மீட்டர். வசதிக்காக 12 செ.மீ. டம்ளரை 1.2 மீட்டராகக் கட்டிவிட்டால் மென்பொருள் ஒரு தண்ணீர்த்தொட்டியின் தெறிப்பைத் தரும். அசைவு மூன்று மடங்குக்கு மேல் மந்தமாகும். இதை வேகமாக ஓட்டிச் சரிசெய்யலாம். ஆனால் பரப்பு இழுவிசைக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள விகிதம் நூறில் ஒன்றாகிவிடுவதை அப்படிச் சரிசெய்ய முடியாது. நீரில் இந்த இரண்டும் சமமாகும் அளவு ஏறத்தாழ 2.7 மி.மீ. டம்ளரில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு, எனவே உருண்ட துளியும் தடித்த வரம்பும் தெரியும். தொட்டியில் அது தூசு, எனவே தெறிப்பு நுரையாகப் பொடிந்துவிடும். அளவைச் சரியாகக் கொடுத்தாலும் இன்னொரு வரம்பு இருக்கிறது. மென்பொருள் வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கட்டம் 1 மி.மீ. என்றால் அரை மி.மீ. படலத்தை அதனால் பார்க்கவே முடியாது, படலம் நேரத்துக்கு முன்பே வலைபோல் ஓட்டை விழுந்து கிழியும். கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். படமெங்கும் ஒரே அளவில் ஓட்டைகள் தெரிந்தால் அது இயற்கையின் கிழிசல் அல்ல, கட்டத்தின் கிழிசல். அதைக் கண்டுபிடிக்க மென்பொருளால் முடியாது, தெறிப்பை அறிந்த கண் வேண்டும்.

விளம்பரம் கற்பனைதானே, அதற்கு ஏன் இயற்பியல் விலங்கு என்பது கடைசி மறுப்பு. கோட்டோவியமாக வரைந்த விளம்பரத்துக்கு இந்த மறுப்பு முழுமையாகப் பொருந்தும். அங்கே சாறு மயிலாக மாறினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. புகைப்படம்போல் தோன்றும் படமோ, ‘இது கேமராவின் முன் நிகழ்ந்தது’ என்று சொல்லாமல் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கொடுத்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். கம்பியை மறைப்பதும் பல படங்களை ஒன்றாக்குவதும் அந்தச் சொல்லை மீறுவதில்லை, ஏனெனில் அப்படியொரு கணம் நிகழக்கூடியதே. ஆனால் ஒரு இடத்தில் இது அழகின் எல்லையைத் தாண்டி நேர்மையின் எல்லைக்குள் நுழைகிறது. தெறிப்பு அழகாக நீள வேண்டும் என்று சாற்றில் கிளிசரினோ பசைப்பொடியோ கலந்து கெட்டியாக்குவது வழக்கம். சற்றே கெட்டியானால் இழைகள் கூடுதல் நேரம் அறாமல் நிற்கும், படமெடுப்பது எளிது. அளவு மீறினால் நீர்போன்ற ஆப்பிள் சாறு, பழக்கூழ்போல் தடித்து வளைந்து நெளியும். அந்தத் தடிப்பைப் பார்த்து, பெட்டிக்குள் இருப்பது அடர்ந்த பழக்கூழ் என்று வாங்குபவர் நினைப்பார். நிறத்தைக் கூட்டிக் காட்டுவதைவிட இது பெரிய பொய், ஏனெனில் கெட்டித்தன்மை திரவத்தின் அசைவில் எழுதப்பட்ட விவரம், அதைத்தான் கண் கேள்வியின்றி நம்புகிறது. மாம்பழக்கூழ்ப் பானம் கெட்டியாக வளையட்டும், வடிகட்டிய சாறு உடைந்து சிதறட்டும். அதுதான் அந்தந்தப் பானத்தின் உண்மையான முகம்.

ஆகவே தெறிப்புப் படத்தைத் திருத்த உட்காருபவர், முதலில் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வில்லை சாற்றைத் தொட்டது, தொட்டு எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மகுடத்தின் உயரம், இழையின் தடிமன், துளியின் அளவு, டம்ளரில் மீதமுள்ள சாறு ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கணத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பொருந்தாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியேற வேண்டும். படத்தைப் பார்ப்பவருக்கு இவ்வளவு வேலை இல்லை. அடுத்த முறை ஒரு பழச்சாறு விளம்பரம் கண்ணில் பட்டால், அந்தரத்தில் நிற்கும் வில்லையின் அடிவிளிம்பை மட்டும் பாருங்கள். அங்கே ஒரு துளி தொங்கினால் அந்த வில்லை விழவில்லை. அதை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.